குரூப்பில் போட்டாச்சு, அப்புறம்?

நம் கடற்கரை ஊர்களின் வாட்ஸ்அப் குரூப்புகளில் அடிக்கடி ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்து விழுகிறது. வெளிநாட்டுக் கப்பலில் வேலை, மாதம் இவ்வளவு சம்பளம், உடனே விண்ணப்பிக்கவும் என்று ஒரு விளம்பரம். அதன் மேல் சிவப்பில் யாரோ "ஃபிராடு, யாரும் பைசா கட்டாதீங்க" என்று எழுதியிருப்பார்கள். கீழே நாலு கும்பிடு, ஒரு "நன்றி அண்ணா". அத்தோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அந்த விளம்பரம் காட்டுகிற தளம் மட்டும் முடிவதில்லை. மறுநாளும் திறக்கிறது, அடுத்த வாரமும் திறக்கிறது. குரூப்பில் இல்லாத ஒருவர் அதில் பாஸ்போர்ட் நகலை ஏற்றிக்கொண்டிருப்பார்.

எச்சரிப்பதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எச்சரிக்கை போய்ச் சேர்வது நமக்குத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான். அந்தத் தளத்தையும் அதன் விளம்பரத்தையும் இல்லாமல் செய்யக்கூடியவர்கள் மூன்று பேர். பெயரை விற்ற பதிவாளர் நிறுவனம், பக்கங்களைத் தன் கணினியில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம், ஆளைப் பிடித்துக் கொடுத்த வாட்ஸ்அப், ஃபேஸ்புக், டெலிகிராம் போன்ற மேடை. இந்த மூவரில் ஒருவரும் நம் குரூப்பில் இல்லை. அவர்களுக்கு ஒரு கடிதம் எழுத அரை மணி நேரம் ஆகும். அதை எழுதுவது பணத்தை இழந்தவரின் வேலை மட்டுமல்ல, பார்த்தவர் எல்லாருடைய வேலையும்தான்.

இனயம் போன்ற நம் கடற்கரை ஊர்களுக்கு இதை ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது? இந்தக் கரையிலிருந்து சவுதி, பஹ்ரைன், கத்தார், ஈரான் என்று மீன்பிடிப் படகுகளுக்கு வேலைக்குப் போவது இரண்டு மூன்று தலைமுறைப் பழக்கம். ஏஜென்டுக்குப் பணம் கட்டுவது இங்கே சந்தேகத்துக்குரிய காரியமாகவே தெரியாது, அது பயணச் செலவின் ஒரு பகுதி. போலித் தளம் நடத்துகிறவனுக்கு இதைவிட நல்ல சந்தை கிடையாது. பணம் போவது ஒரு பக்கம். 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று இணையத்தில் வந்த விளம்பரத்தை நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள், மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்கப்பட்டு வந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே போலி வேலை விளம்பரங்களைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. ஒரு விளம்பரம் இருக்கிறதா, இறங்கிவிட்டதா என்பது சில வீடுகளுக்கு மகன் திரும்பி வருகிற விஷயமாக இருக்கிறது.

மோசடிப் பெயர் எப்படி ஏமாற்றுகிறது என்பதற்குத் திருப்பதியைப் பார்க்கலாம். 2023 ஏப்ரலில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஒரு போலித் தளத்தைக் கண்டுபிடித்துப் போலீசில் புகார் கொடுத்தது. அதற்கு முன்பே 40 போலித் தளங்கள் மீது வழக்குகள் இருந்தன, இது 41ஆவது. அப்போது உண்மையான தளம் tirupatibalaji.ap.gov.in. போலி tirupatibalaji-ap-gov.org. புள்ளி இருந்த இடத்தில் சிறு கோடு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோட்டால் எல்லாமே மாறிவிடுகிறது. gov.in என்று முடியும் பெயர் அரசுக்கு மட்டுமே கிடைக்கும். கோடு போட்டு எழுதி .org என்று முடித்துவிட்டால் அது கடையில் விற்கிற சாதாரணப் பெயர், யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். பெயரை எப்போதும் வலது கடைசியிலிருந்து இடது பக்கமாக வாசிக்க வேண்டும். ஏமாற்றுகிறவன் நாம் இடமிருந்து வாசிப்போம் என்று நம்பித்தான் பெயர் வைக்கிறான்.

அந்த 41 என்ற எண் இன்னொன்றையும் சொல்கிறது. போலீஸ் வழக்கு ஆளைத் தேடுகிற வேலை. அதற்கு மாதங்கள் ஆகும், ஆள் வேறு மாநிலத்திலோ வேறு நாட்டிலோ இருப்பான். தளத்தை இறக்குவது தனி வேலை. ஒன்றைச் செய்துவிட்டால் மற்றது தானாக நடந்துவிடும் என்ற நினைப்பில்தான் நாம் தவறுகிறோம்.

ஒரு தளத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். கற்பனையாக அதற்கு gulfkadalvelai.example என்று பெயர் வைக்கலாம் (.example என்று முடியும் பெயரை யாரும் வாங்க முடியாது, விளக்கத்துக்காகவே ஒதுக்கிய பெயர் அது). வளைகுடாவில் உள்ள ஓர் உண்மையான கப்பல் நிறுவனத்தின் சின்னத்தை முகப்பில் ஒட்டியிருக்கிறார்கள். பாஸ்போர்ட், ஆதார் நகல்களைக் கேட்கிறார்கள். மெடிக்கலுக்கும் விசாவுக்கும் என்று 18,500 ரூபாயை யுபிஐயில் அனுப்பச் சொல்கிறார்கள். கீழே ஒரு வாட்ஸ்அப் எண்.

யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், மற்ற எதற்கும் முன்னால் 1930. அந்த எண்ணில் சொன்னால் பணம் போய்ச்சேர்ந்த கணக்கை முடக்க வங்கிகளுக்குத் தகவல் போகும். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவி வெளியேறிவிடும். cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதிய வேண்டும். பணம் போகவில்லை, அழைப்பும் செய்தியும் மட்டும் வந்தது என்றால், sancharsaathi.gov.in தளத்தில் சக்ஷு என்ற பகுதி இருக்கிறது. தொலைத்தொடர்புத் துறை 2024 மார்ச்சில் தொடங்கியது. மோசடி அழைப்பு, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் செய்தி வந்த எண்ணை அங்கே சொன்னால், அந்த இணைப்பை மறுபடி சரிபார்க்கச் சொல்லித் துண்டிக்க அவர்களால் முடியும்.

அடுத்தது சான்று. தளத்தை இறக்கச் சொல்வதற்கு முன்பே இதைச் சேர்த்துவிட வேண்டும், ஏனென்றால் இறங்கிய பிறகு போலீசுக்குக் காட்ட நம்மிடம் ஒன்றும் இருக்காது. முகவரிப் பட்டை முழுதும் தெரிய ஸ்கிரீன்ஷாட், எடுத்த தேதி, நேரம், பணம் கேட்கும் பக்கத்தின் முழு முகவரி. "அந்த வெப்சைட்" என்று முகப்பின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. முகப்பு ஒன்றும் தெரியாத பிள்ளைபோல இருக்கும், மோசடி உள்பக்கத்தில் இருக்கும். வாட்ஸ்அப் உரையாடலை அழிப்பதற்கும் பிளாக் செய்வதற்கும் முன்னால் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். கோபத்தில் முதலில் அழித்துவிடுவதுதான் நம் வழக்கம்.

இப்போது அந்தப் பெயரை விற்றது யார் என்று பார்க்க வேண்டும். lookup.icann.org என்ற தளத்தில் பெயரைப் போட்டால் பதிவாளர் நிறுவனமும், முறைகேட்டைத் தெரிவிப்பதற்கென்றே அது வைத்திருக்கும் மின்னஞ்சலும் வரும். .in என்று முடியும் பெயர்களுக்கு registry.in. உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடம் மறைக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். உரிமையாளர் நமக்கு வேண்டாம், விற்றவர் போதும். அதே பக்கத்தில் பெயர் பதிவான தேதியும் இருக்கும். "25 ஆண்டு அனுபவம்" என்று தளம் பீற்றிக்கொள்ள, பெயர் பதிவாகி 19 நாள்தான் ஆகியிருக்கும். கடிதத்தில் வைக்க இதைவிட நல்ல வரி கிடைக்காது.

கணினி பழகிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் மூன்று கட்டளைகளில் இந்த வேலை முடிந்துவிடும்:

```
whois gulfkadalvelai.example
dig +short gulfkadalvelai.example
whois 192.0.2.44
```

முதலாவது பதிவாளரைச் சொல்லும். இரண்டாவது, தளம் இருக்கிற கணினியின் ஐபி எண்ணைத் தரும். அந்த எண்ணை மூன்றாவதில் போட்டால் அது எந்த ஹோஸ்டிங் நிறுவனத்துடையது, முறைகேட்டை யாருக்கு எழுத வேண்டும் என்று வரும். பல நேரங்களில் அங்கே கிளவுட்ஃப்ளேர் என்ற பெயர் நிற்கும். அது பெரும்பாலும் உண்மையான ஹோஸ்டிங் நிறுவனம் அல்ல, அதற்கு முன்னால் நிற்கிற திரை. அவர்களுடைய abuse.cloudflare.com படிவத்தில் எழுதினால், பின்னால் இருக்கிற நிறுவனத்துக்கு நம் புகாரை அனுப்பிவைப்பார்கள். ஃபிஷிங் என்று தெரிந்தால் பக்கத்துக்கு முன்னால் எச்சரிக்கையும் போடுவார்கள். திரைக்குப் பின்னால் இருப்பது தெரியவில்லையே என்று நின்றுவிட வேண்டியதில்லை.

கடிதத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் பல புகார்கள் தோற்கின்றன. "இவன் திருடன், ஏழைகளை ஏமாற்றுகிறான், உடனே நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் எங்கோ ஒரு நாட்டில் அதைப் படிக்கிற ஊழியருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. அவர் தேடுவது வேறு. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு தன் ஒப்பந்தத்தில் கொண்டுவந்த ஒரு மாற்றம் 2024 ஏப்ரல் 5 அன்று நடைமுறைக்கு வந்தது. ஃபிஷிங், மால்வேர் போன்ற குறிப்பிட்ட சில வகை முறைகேடுகளுக்குச் செயல்படத்தக்க சான்று கிடைத்தால், பதிவாளர் உடனடியாக அதைத் தடுக்கவோ குலைக்கவோ வேண்டும். முன்பு விசாரித்துப் பதில் சொன்னால் போதும் என்று இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் "போலி வேலை" என்று ஒரு வகை கிடையாது. சும்மா பணம் வாங்கி ஏமாற்றுகிற தளம் என்று நாம் எழுதினால், "இது உள்ளடக்கப் பிரச்சினை, போலீசிடம் போங்கள்" என்று பதிவாளர் கையைக் கழுவிவிடலாம். நம் எடுத்துக்காட்டில் உள்ள தளம் இன்னொரு நிறுவனத்தின் சின்னத்தைப் போட்டுக்கொண்டு பாஸ்போர்ட்டையும் ஆதாரையும் வாங்குகிறது. அது ஃபிஷிங். ஆகவே முதல் வரியிலேயே அதைச் சொல்ல வேண்டும்: இந்தத் தளம் இந்த நிறுவனத்தைப் போல நடித்து, இந்தப் பக்கத்தில் அடையாள ஆவணங்களைத் திருடுகிறது, அந்த நிறுவனத்தின் உண்மையான தளம் இது. அதற்குப் பிறகு பதிவான தேதி, ஸ்கிரீன்ஷாட், நேரம். பத்து வரிக்கு மேல் போகக்கூடாது. வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்டு என்று சொல்லிக்கொண்டால் emigrate.gov.in தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியலைப் பார்த்து, அதில் இல்லை என்றும் சேர்க்கலாம். இல்லாததை ஃபிஷிங் என்று எழுதவே கூடாது. ஒரு பொய்ப் புகார் அகப்பட்டால் அடுத்த பத்து உண்மைப் புகாரும் அந்த மேசையில் ஓரமாய்ப் போகும்.

ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு இந்த வகைப் பிரிவு அவ்வளவு முக்கியமில்லை. மோசடிக்கு இடம் கொடுக்க மாட்டோம் என்பது அவர்களின் சொந்த விதிகளிலேயே இருக்கும். பதிவாளர் மறுத்த கடிதத்தை இங்கே ஏற்பார்கள். இரண்டு பேருக்கும் எழுத வேண்டும் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹோஸ்டிங் நிறுவனம் மட்டும் இறக்கினால், அதே பெயரை வேறு கணினிக்குத் திருப்பிவிட ஒரு மணி நேரம் போதும். பதிவாளர் மட்டும் பெயரை முடக்கினால், அதே பக்கங்களுக்கு வேறு பெயர் மாட்டிவிடலாம். இரண்டு பக்கமும் ஒரே நாளில் அடைத்தால்தான் அவனுக்கு முதலிலிருந்து வேலை.

ஒரு பொறி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பல மோசடித் தளங்கள் ஆள் பார்த்துத் திறக்கும். இந்திய மொபைல் இணைப்பில், செல்போனில் திறந்தால் மட்டும் உண்மை முகம் காட்டும். வெளிநாட்டில் கணினியில் உட்கார்ந்து சோதிக்கிறவருக்கு வெற்றுப் பக்கமோ பூக்கடையோ தெரியும். "சோதித்தோம், ஒன்றுமில்லை" என்று பதில் வரும். இது தெரியாமல் நாமும் மனம் விட்டுவிடுவோம். இந்திய மொபைல் இணைப்பில்தான் திறக்கிறது, செல்போனில் இப்படித் தெரிகிறது என்று கடிதத்திலேயே எழுதி, படத்தைச் சேர்த்துவிட வேண்டும்.

எண்ணுக்கு வருவோம். வாட்ஸ்அப் எண் என்பது இரண்டு பொருள்: ஒன்று சிம், இன்னொன்று அந்த எண்ணில் திறந்த வாட்ஸ்அப் கணக்கு. சிம்மைத் துண்டித்தாலும் கணக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். அதனால் சக்ஷுவில் சொன்ன பிறகும், அந்த உரையாடலுக்குள் போய் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். ரிப்போர்ட் கொடுத்தால் அந்த எண்ணிலிருந்து வந்த கடைசி ஐந்து செய்திகள் வாட்ஸ்அப்புக்குப் போகும், எதிராளிக்குத் தெரியாது. ஆகவே அவன் பணம் கேட்ட செய்தி கடைசி ஐந்துக்குள் இருக்கும்போதே கொடுப்பது நல்லது. அதற்குப் பிறகு "வணக்கம் சார்", "சாப்பிட்டீங்களா சார்" என்று ஐந்து வந்துவிட்டால் அங்கே படிக்கிறவருக்கு அதுதான் தெரியும். நடவடிக்கை இல்லை என்றால், 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இந்தியாவில் இந்த மேடைகளுக்குக் குறைதீர்ப்பு அலுவலர் இருக்கிறார். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் அவர் உறுதிசெய்ய வேண்டும். அவர் முடிவு திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் gac.gov.in தளத்தில் மேல்முறையீடு செய்யலாம். பதிவாளர் பதிலே சொல்லவில்லை என்றால், .com, .org போன்ற பெயர்களுக்கு ஐகானிடமே அவர் மீது புகார் கொடுக்கலாம்.

"பைசா போனது அவனுக்கு, நாம எதுக்கு எழுதணும்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காரணம் எளிது. பணத்தை இழந்தவர் பேச மாட்டார். வீட்டில்கூட முழுத் தொகையைச் சொல்லாத ஆளிடம் வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுது என்பது நடக்காத காரியம். தப்பித்தவரிடம்தான் சான்றும் இருக்கிறது, கூச்சமும் இல்லை. இன்னொரு கேள்வி, அரசே தடைசெய்துவிடாதா? செய்யும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69A பிரிவின்படி இந்தியாவுக்குள் தளத்தை முடக்கலாம். ஆனால் தம்மாமிலோ மனாமாவிலோ இருக்கிற நம் ஊர்க்காரரின் செல்போனில் அது அப்படியே திறக்கும். புது வேலை தேடி அங்கிருந்தே விண்ணப்பிக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! பதிவாளரும் ஹோஸ்டிங் நிறுவனமும் இறக்கினால் இனயத்திலும் திறக்காது, தம்மாமிலும் திறக்காது.

சேர்ந்து செய்வது என்றால் நூறு பேர் ஒரே கடிதத்தை அனுப்புவது அல்ல. அந்த மேசையில் ஓட்டு எண்ணுவதில்லை, நூறு நகல் வந்தால் அவர்களுக்கு எரிச்சல்தான். வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். விளம்பரம் வந்தவர் அழிக்காமல் படத்தைக் கொடுக்கட்டும். பொறியியல் படிக்கிற பிள்ளை பதிவாளரையும் ஹோஸ்டிங் நிறுவனத்தையும் கண்டுபிடிக்கட்டும். ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர் பத்து வரி எழுதட்டும், வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். கப்பலில் வேலை பார்த்தவர் சம்பளமும் நிபந்தனையும் எங்கே பொய் என்று சொல்லட்டும். பங்குப்பேரவையோ அன்பியமோ இளைஞர் மன்றமோ, ஊருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொண்டால் எதற்கு எப்போது எழுதினோம், என்ன பதில் வந்தது என்பது ஓரிடத்தில் இருக்கும். அனுப்புகிற பிள்ளையின் சொந்த முகவரி போலித் தளக்காரன் கைக்குப் போகவும் வேண்டியதில்லை. சில நிறுவனங்கள் புகாரை அப்படியே வாடிக்கையாளருக்கு அனுப்பிவைப்பது உண்டு.

இந்தக் கரைக்கு மனு எழுதத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2016 ஜூலையில் இனயத்தில் பெரிய துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தபோது ஊர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. அந்தத் துறைமுகம் இனயத்தில் வரவில்லை. எந்த மேசைக்கு எழுதினால் எங்கே போய்ச் சேரும் என்ற அறிவு இங்கே இருக்கிறது. மேசைகள்தான் இப்போது வேறு.

எழுதிய பிறகு, நடந்ததா என்று பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும். அதே lookup.icann.org பக்கத்தில் நிலை என்ற இடத்தில் `clientHold` என்று வந்தால் பதிவாளர் பெயரை முடக்கிவிட்டார் என்று பொருள். `clientTransferProhibited` என்பதைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம், அது நல்ல தளங்களுக்கும் இருக்கிற சாதாரணப் பூட்டு. சில கடிதங்களுக்கு ஒரு நாளில் பலன் கிடைக்கும், சிலவற்றுக்கு வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காது. அந்த இடைவெளியில் கூகுளின் சேஃப் பிரவுசிங்குக்கும் முகவரியைத் தெரிவித்துவைத்தால், அவர்களும் மோசடி என்று கண்டால் குரோமில் திறப்பவர்களுக்குச் சிவப்புப் பக்கம் எழும்பும். மோசடிக்காரன் வேறு பெயரில் திரும்பி வருவான். அவன் ஒவ்வொரு முறையும் பெயர் வாங்கி, பக்கம் ஏற்றி, விளம்பரம் கொடுக்க வேண்டும். நமக்கு இரண்டாவது கடிதம் முதலாவதில் பெயரை மாற்றி எழுதுகிற வேலைதான்.

lookup.icann.org செல்போனிலும் திறக்கும், காசு கிடையாது. அடுத்த ஸ்கிரீன்ஷாட் குரூப்பில் விழும்போது கும்பிடு போடுவதற்கு முன்னால் ஒருவராவது கேளுங்கள்: "ரெஜிஸ்ட்ராருக்கு யார் எழுதறீங்க?"